வினாடி வினா மேடையில் முதல் ஐந்து நிமிடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பரில் நூலக வார விழா வந்தால் எங்கள் பக்கத்தில் வினாடி வினா நடத்த ஆள் தேடுவார்கள். அப்படித்தான் நானும் மைக் பிடிக்க ஆரம்பித்தேன். முதல்முறை கேள்வி கேட்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மனதில் வைத்திருப்பது ஒரே மாதிரிப் போட்டி: எழுத்துச் சுற்றில் எல்லாரும் கலந்துகொள்வார்கள், அதிலிருந்து 6 குழுக்கள் மேடையேறும், மேடையில் 30 கேள்வி.

தொடங்கும் முன் விதிகளைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கலாம்? கூட்டம் அலுத்துப் போகாதா?

போகும். அதனால்தான் விதிகளை இரண்டாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். எழுத்துச் சுற்றுக்கு முன் இரண்டு நிமிடம், மேடைச் சுற்றுக்கு முன் ஐந்து நிமிடம். காலையிலேயே 80 குழுக்களை உட்கார வைத்து மேடை விதிகளை விளக்கினால், அவர்களில் 74 குழுக்களுக்கு அது தேவையே படாது. தேவைப்படும் 6 குழுக்களும் மதியத்துக்குள் மறந்திருக்கும்.

விதிகளை ஒப்பிக்காமல் ஒரு மாதிரிக் கேள்வி வைத்து விளக்குவது இன்னும் நல்லது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எழுத்துச் சுற்றுக்கு முன் என்ன சொல்வது?

நான் ஏறக்குறைய இப்படிச் சொல்வேன்:

"வணக்கம். 20 கேள்விகள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படிப்பேன், மூன்றாவது முறை கிடையாது. சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறுக்குக் கழிவு இல்லை. ஆகவே எந்த இடத்தையும் காலியாக விடாதீர்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறையாது, ஆனால் வாசித்தால் அந்தப் பெயர்தான் என்று புரிய வேண்டும். விடைத்தாளில் 5 கேள்விகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருக்கிறது. இரண்டு குழுக்கள் சமமாக வந்தால் நட்சத்திரக் கேள்விகளில் அதிகம் சரியாக எழுதியவர்கள் மேலே போவார்கள். அதிலும் சமம் என்றால், முதல் கேள்வியிலிருந்து பார்த்துக்கொண்டே வருவோம். யார் முதலில் தவறு செய்தார்களோ அவர்கள் கீழே. முதல் 6 குழுக்கள் மேடைக்கு. போனை அணைத்துப் பைக்குள் வையுங்கள்."

இதில் விடவே கூடாதது சமநிலை பற்றிய பகுதிதான். ஆறாவது இடத்துக்கு மூன்று குழுக்கள் 13 மதிப்பெண்ணோடு நிற்பது அபூர்வமான விஷயம் இல்லை, ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் நடக்கும். முன்கூட்டியே சொல்லியிருந்தால் முடிவை அறிவித்துவிட்டுப் போய்விடலாம். இல்லையென்றால் அந்த இடத்திலேயே ஒரு விதியை உருவாக்க வேண்டியிருக்கும். எந்த விதியை உருவாக்கினாலும், அது யாருக்குச் சாதகமாக அமைந்ததோ அவர்களுக்காகவே செய்தது போலத்தான் தெரியும்.

மேடையில் கேள்வி யாரிடமிருந்து யாருக்குப் போகும்? ஒவ்வொரு குழுவுக்கும் வரிசையாக ஒரு கேள்வி என்று வைத்தால் போதாதா?

போதாது. பழைய முறை அதுதான்: முதல் கேள்வி முதல் குழுவுக்கு, இரண்டாவது இரண்டாம் குழுவுக்கு என்று போகும். தெரியாவிட்டால் அடுத்தவருக்குப் பாஸ். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மிகத் திறமையான குழுவுக்கு அடுத்து உட்கார்ந்தவர்களை நினைத்துப் பாருங்கள். முன்னால் இருக்கிறவர்கள் எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். அவர்களைத் தாண்டிப் பாஸ் ஆகி வருவதெல்லாம் யாருக்குமே தெரியாத கேள்விகளாக இருக்கும். பலவீனமான குழுவுக்கு அடுத்து உட்கார்ந்தவர்களுக்கோ எளிய கேள்விகள் பழம் போல வந்து விழும். குலுக்கல் சீட்டே பாதி முடிவைச் செய்துவிடும்.

அதனால் இப்போது பெரும்பாலான போட்டிகளில் தொடர் பாஸ் முறைதான். விதி ஒரே வரி: கடைசியாகச் சரியான விடை சொன்ன குழுவுக்கு அடுத்து இருப்பவர்களிடமிருந்து அடுத்த கேள்வி தொடங்கும். முதல் கேள்வி ஒன்றாம் குழுவில் தொடங்கி, பாஸ் ஆகி, நான்காம் குழு சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி ஐந்தாம் குழுவுக்கு. யாருக்குமே தெரியவில்லை என்றால் கேள்வி முழுச் சுற்று சுற்றி ஆறாம் குழுவில் முடிகிறது. அடுத்த கேள்வி மறுபடி ஒன்றாம் குழுவிலேயே தொடங்கும். இந்த இடத்தில் "அவர்களுக்கு மட்டும் இரண்டு தடவையா?" என்று கட்டாயம் ஒரு குரல் வரும். ஆறு பேரும் முயன்று தோற்ற கேள்வியால் யாருக்கும் லாபமில்லை, வரிசை இருந்த இடத்திலேயே நிற்கிறது, அவ்வளவுதான். இதை மேடையில் முன்பே சொல்லிவிடுங்கள்.

தொடர் பாஸ் முறையிலும் திறமையான குழுவுக்குப் பக்கத்தில் உட்காருவது பாதிக்குமா?

பாதிக்கும், ஆனால் தலைகீழாக. இங்கே திறமையான குழுவுக்கு அடுத்து இருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம். முன்னவர்கள் சரியாகச் சொல்லும்போதெல்லாம் அடுத்த கேள்வியின் முதல் வாய்ப்பு இவர்களுக்கு வருகிறது. திறமையான குழுவுக்கு முன்னால் இருப்பவர்களுக்கோ பெரும்பாலும் கேள்வி சுற்றி வந்து சேருவதற்குள் விடை போய்விடும்.

இதைச் சரிக்கட்டத்தான் பாதியில் திசை மாற்றம். 15 கேள்விகள் ஒன்றிலிருந்து ஆறு நோக்கி, அடுத்த 15 கேள்விகள் ஆறிலிருந்து ஒன்று நோக்கி. இடங்களைக் குலுக்கல் முறையில் கொடுங்கள். எழுத்துச் சுற்றில் முதலிடம் வந்தவர்களை ஒன்றாம் மேசையில் உட்கார வைக்கும் வழக்கம் வேண்டாம்.

'பவுன்ஸ்' என்றால் என்ன? ஒருவர் கழிவு உண்டு என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார்.

இருவரும் சரி, ஏனென்றால் அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ஆங்கிலத்தில் பாய்வதற்கு ஒரு சொல், பந்து எகிறிப் போவதற்கு ஒரு சொல். முதலெழுத்தில் மட்டும்தான் வித்தியாசம். தமிழில் இரண்டுக்கும் 'ப'தான் இருப்பதால் எழுதினாலும் ஒன்று, மைக்கில் சொன்னாலும் ஒன்று. ஒரு போட்டியில் மதிப்பெண் குறிக்கும் தம்பி இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு, பாஸில் தவறிய குழுக்களுக்கெல்லாம் 5 கழித்துக்கொண்டே போனார். ஏழாவது கேள்வியில்தான் கண்டுபிடித்தோம்.

அன்றிலிருந்து மேடையில் அந்தச் சொல்லையே தொடுவதில்லை. ஒன்று 'பாய்ச்சல்', மற்றது 'பாஸ்'. முதல் நிமிடத்திலேயே அறிவித்துவிடுவேன்: "மற்ற ஊர்களில் வேறு பெயர் சொல்வார்கள், இங்கே இந்த இரண்டு சொல்தான்."

பாஸ் என்பது மேலே சொன்னது. வரிசையில் கேள்வி வருகிறது, சொன்னால் 10, தவறினால் ஒன்றுமில்லை. பாய்ச்சல் என்பது, வரிசை வரும்வரை காத்திருக்க விரும்பாத குழு துண்டுச்சீட்டில் விடையை எழுதி முன்கூட்டியே நீட்டுவது. சரியென்றால் 10. தவறென்றால் 5 கழியும். பாய்ந்துவிட்ட குழுவுக்கு அந்தக் கேள்வி பாஸில் வராது, தாண்டிப் போகும்.

ஒரு கேள்வியை வைத்து மதிப்பெண்ணைக் காட்ட முடியுமா?

சரி. கேள்வி மூன்றாம் குழுவுக்கு என்று வைத்துக்கொள்வோம்:

"1921-ல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த ஓர் இந்தியர், மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தார். அது வானத்தின் பிரதிபலிப்புதான் என்ற விளக்கத்தை அவரால் ஏற்க முடியவில்லை. அந்த ஐயத்தில் தொடங்கிய ஆய்வு 1928-ல் ஒரு பெரிய கண்டுபிடிப்பில் முடிந்தது. அதன் நினைவாக இந்தியாவில் கொண்டாடப்படும் நாள் எது?"

படித்து முடித்ததும் சொல்கிறேன்: "மூன்றாம் குழுவுக்கு நேரடிக் கேள்வி. மற்றவர்கள் பாயலாம்." ஒன்றாம் குழுவும் ஐந்தாம் குழுவும் சீட்டை நீட்டுகின்றன. உதவியாளர்கள் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். "பாய்ச்சல் மூடுகிறது. மூன்று, இரண்டு, ஒன்று, மூடியாயிற்று." இதற்குப் பிறகு வரும் சீட்டை வாங்குவதில்லை. சீட்டுகளில் என்ன இருக்கிறது என்பதையும் இப்போது சொல்வதில்லை. 'சரி', 'தவறு' என்றுகூட வாய்விடக் கூடாது, முகத்திலும் காட்டக் கூடாது.

இப்போது பாஸ். மூன்றாம் குழு, "தெரியவில்லை." நான்காம் குழு, "தேசியத் தொழில்நுட்ப நாள்." தவறு, அது 1998 பொக்ரான் சோதனையை ஒட்டிய மே 11. ஆனால் அந்த விளக்கத்தை நான் இப்போது தருவதில்லை, அடுத்த குழுவுக்கு அது துப்பாகிவிடும். "இல்லை" என்று மட்டும் சொல்லி நகர்கிறேன். ஐந்தாம் குழு ஏற்கெனவே பாய்ந்துவிட்டது, தாண்டுகிறேன். ஆறாம் குழு, "தேசிய அறிவியல் நாள்." சரி.

இனி சீட்டுகளைப் பிரிக்கலாம். ஒன்றாம் குழு எழுதியது "பிப்ரவரி 28." சரி. சி.வி. ராமனின் கண்டுபிடிப்பு அந்தத் தேதியில்தான். கேள்வி "எந்த நாள்" என்று கேட்டதால் பெயரும் செல்லும், தேதியும் செல்லும். ஐந்தாம் குழு எழுதியது "ஆசிரியர் தினம்." தவறு.

பலகையில் ஏறுவது: ஒன்றாம் குழுவுக்கு 10, ஆறாம் குழுவுக்கு 10, ஐந்தாம் குழுவுக்குக் கழித்தல் 5. மூன்றுக்கும் நான்குக்கும் ஒன்றுமில்லை. இரண்டாம் குழுவிடம் கேள்வி போகவே இல்லை.

அடுத்த கேள்வி யாருக்கு? ஒன்றாம் குழுவுக்கு. அவர்கள் பாய்ந்ததாலோ சரியாக எழுதியதாலோ இல்லை, பாஸில் சரியாகச் சொன்ன ஆறாம் குழுவுக்கு அடுத்து அவர்கள் இருப்பதால். பாய்ச்சல் வரிசையை அசைக்காது. இந்த ஒரு வாக்கியத்தை மேடையில் இரண்டு தடவை சொல்லுங்கள்.

கழிவு 5 தானா, 10 வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் ஆட்டம் மாறும். சரியென்றால் 10, தவறென்றால் 5 என்றால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம்பிக்கை இருந்தாலே பாய்வது லாபம். கழிவையும் 10 ஆக்கினால் பாதிக்கு மேல் நம்பிக்கை வேண்டும். பள்ளிப் பிள்ளைகள், முதல்முறை வருகிறவர்கள் என்றால் 5 போதும். அவர்கள் துணிந்து எழுதட்டும். எழுதாமல் உட்கார்ந்திருக்கும் மேடையைப் பார்ப்பது கூட்டத்துக்குப் பெரிய தண்டனை.

நேரடிக் கேள்வி பெற்ற குழு பாய முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கழிவில்லாத முதல் வாய்ப்பு அவர்கள் கையில் இருக்கிறது, பாய வேண்டிய அவசியமே இல்லை.

நேரம் எவ்வளவு?

நேரடிக் குழுவுக்குப் பாய்ச்சல் மூடிய பின் 20 விநாடி. பாஸ் வாங்குகிறவர்களுக்கு 5 விநாடி, ஏனென்றால் அவர்கள் அவ்வளவு நேரமும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். குழுவில் ஒருவரைத் தலைவராக வையுங்கள். இரண்டு பேர் இரண்டு விடை சொன்னால் தலைவர் சொன்னதுதான் விடை.

பாதி விடை சொன்னால்? வெறும் குடும்பப் பெயர், அடைமொழி இல்லாத அரசன் பெயர் போன்றவை?

ஒரே ஒரு தடவை "இன்னும் தெளிவாக?" என்று கேட்பேன், அதற்கு மேல் இல்லை என்று முன்பே சொல்லிவிடுவேன். எப்போது கேட்பேன் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. சொன்ன பெயர் ஒருவரை மட்டும் குறித்தால் கேட்க மாட்டேன். கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கியவர் யார் என்ற கேள்விக்கு "ராஜேந்திரன்" என்றால் போதும். அங்கே வேறு ராஜேந்திரன் குழப்பம் வராது, 'முதலாம்' என்று சொல்ல வைப்பது வெறும் கெடுபிடி. "சோழ மன்னன்" என்றால் தெளிவாகக் கேட்பேன். அமெரிக்க அதிபர் பற்றிய கேள்விக்கு "ரூஸ்வெல்ட்" என்றாலும் கேட்பேன், ஏனென்றால் இருவர் இருந்திருக்கிறார்கள்.

துண்டுச்சீட்டில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. எழுதியது எழுதியதுதான். சீட்டில் "ரூஸ்வெல்ட்" என்று மட்டும் இருந்தால் தவறு. இதை முதலிலேயே சொல்லாமல் ஒருமுறை செய்தேன். அந்தக் குழு அன்று முழுக்க என்னை முறைத்துக்கொண்டே இருந்தது, அவர்கள் பக்கம்தான் நியாயமும் இருந்தது.

விளக்கமாகச் சொல்கிறேன் என்று நான்கு பெயரை அடுக்குகிறவர்கள் உண்டு. முதலில் வந்த பெயர்தான் விடை.

முறையீடு செய்ய அனுமதிக்க வேண்டுமா? 'நடுவர் தீர்ப்பே இறுதியானது' என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்ததல்லவா?

அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எதற்குப் பிறகு இறுதி என்றும் சொல்ல வேண்டும். நாம் தவறே செய்ய மாட்டோம் என்று மேடையில் ஏறினால், மூன்றாவது கேள்வியிலேயே யாராவது ஆசிரியர் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து நிற்பார்.

நான் சொல்வது இது:

"என் விடை தவறு என்றோ, உங்கள் விடையும் சரி என்றோ நினைத்தால் மேசை மேல் இருக்கும் மஞ்சள் சீட்டைத் தூக்குங்கள். அடுத்த கேள்வியை நான் படிக்கத் தொடங்குவதற்குள் தூக்க வேண்டும். காரணத்தை ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள், பேச வேண்டாம். மேடையில் இருக்கும் குழு மட்டும்தான் முறையிடலாம். பார்வையாளர்கள், பெற்றோர், உடன் வந்த ஆசிரியர் யாரும் முடியாது. முறையீடு தோற்றால் மதிப்பெண் குறையாது, ஆனால் மஞ்சள் சீட்டு என்னிடம் வந்துவிடும். ஜெயித்தால் திரும்ப உங்களிடமே. ஆட்டம் நிற்காது. சரிபார்த்து, அந்தச் சுற்று முடிவதற்குள் முடிவைச் சொல்வேன். அந்த முடிவு இறுதியானது."

எழுதிக் கொடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாயால் வாதாடினால் சத்தம் அதிகம் உள்ளவர் பக்கம் மனம் சாயும். ஒரு வரி எழுத உட்காரும்போதே பாதிப் பேர் "வேண்டாம், விடுங்கள்" என்று சீட்டைக் கீழே வைத்துவிடுவார்கள்.

முறையீட்டில் குழு ஜெயித்தால் மதிப்பெண்ணை எப்படித் திருத்துவது?

எந்த வகைத் தவறு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று வகைக்கு மூன்று தீர்வு.

ஒரே விடைக்கு இன்னொரு பெயர் என்றால் எளிது. அறிவியல் நாளுக்குத் தேதியைச் சொன்னது போல. அந்தக் குழுவுக்கும் 10 கொடுங்கள், மற்றவர்கள் வாங்கியது அப்படியே இருக்கட்டும்.

என் கையில் இருந்த விடையே தவறு என்றால், சரியாகச் சொன்ன குழுவுக்கு 10 ஏறும், தவறான விடைக்கு நான் கொடுத்த 10 இறங்கும். பாய்ந்து கழிவு வாங்கியவர்களின் சீட்டுகளையும் மறுபடி பார்க்க வேண்டும். அதனால்தான் சீட்டுகளைக் கசக்கிப் போடாமல் கேள்வி எண் வாரியாக வைக்கச் சொல்கிறேன்.

மூன்றாவது வகைதான் தலைவலி: கேள்வியே பல விடைகளுக்கு இடம் கொடுப்பது. என் சொந்தக் கதை. ஒன்றாம் குழுவிடம் கேட்டேன்: "தமிழ்நாட்டின் முதல் முதலமைச்சர் யார்?" என் தாளில் இருந்தது அண்ணா. ஐந்தாம் குழு பாய்ந்தது, எழுதியது ஓமந்தூரார். ஒன்றாம் குழு பாஸ். இரண்டாம் குழு, "ராஜாஜி." இல்லை என்றேன். மூன்றாம் குழு, "அண்ணா." 10 கொடுத்தேன், ஐந்தாம் குழுவுக்கு 5 கழித்தேன். இரண்டாம் குழுவின் மஞ்சள் சீட்டு எழுந்தது. எழுதியிருந்தது: "1952 தேர்தலுக்குப் பின் முதல் முதல்வர் ராஜாஜி."

உட்கார்ந்து யோசித்தால் என் கேள்வி எவ்வளவு ஓட்டை என்று தெரிந்தது. சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969 ஜனவரி 14-ல், அப்போது முதல்வர் அண்ணா. என் மனதில் இருந்தது அது. ஆனால் முதல் பொதுத் தேர்தலுக்குப் பின் 1952-ல் பதவியேற்றவர் ராஜாஜி. 1950 ஜனவரி 26-ல் குடியரசானபோது பொறுப்பில் இருந்தவர் குமாரசாமி ராஜா. 1947-ல் விடுதலை கிடைத்தபோது இருந்தவர் ஓமந்தூரார். இன்னும் பின்னால் போனால் 1920-ல் சென்னை மாகாணத்தின் முதல் முதன்மை அமைச்சர் சுப்பராயலு ரெட்டியார். ஐந்து பேருக்கும் ஏதோ ஒரு கணக்கில் இடம் இருக்கிறது.

இரண்டாம் குழுவுக்கும் 10 கொடுத்து முடிக்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் ஐந்தாம் குழுவுக்கும் கொடுக்க வேண்டும். நான்காம் குழுவுக்கும் ஆறாம் குழுவுக்கும் கேள்வி போகவே இல்லை, அவர்களிடம் வேறொரு பெயர் இருந்திருக்கலாம். ஆகவே கேள்வியையே ரத்து செய்தேன். மூன்றாம் குழுவிடமிருந்து 10 இறங்கியது, ஐந்தாம் குழுவுக்கு 5 திரும்பியது. சுற்றின் கடைசியில் மாற்றுக் கேள்வி ஒன்று, மறுபடி ஒன்றாம் குழுவிலிருந்து, பாய்ச்சல் எல்லாருக்கும் திறந்து. நடுவில் நடந்த கேள்விகளின் வரிசையை நான் தொடவில்லை. அதைத் தொட்டால் ஆட்டத்தையே பின்னோக்கி ஓட்ட வேண்டும்.

மூன்றாம் குழுவுக்குக் கோபம்தான். ஆனால் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேன்: "கேள்வியில் குறை என்றால் ரத்தாகும். யார் வாங்கிய மதிப்பெண்ணும் திரும்பிவிடும், வரிசை மட்டும் மாறாது." அந்த வாக்கியம் இல்லாவிட்டால் அன்று என்னிடம் பதில் இருந்திருக்காது.

அந்தக் கேள்வியை இப்போது இப்படிக் கேட்கிறேன்: "சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்த நாளில் முதலமைச்சராக இருந்தவர் யார்?" 'முதல்', 'மிகப் பெரிய', 'மிக நீளமான' என்ற சொல் வரும் கேள்விகளை முந்தின நாள் இரவு தனியாக எடுத்து ஒருமுறை உரசிப் பாருங்கள். உலகின் நீளமான நதி நைலா அமேசானா என்று மேடையில் சண்டை வந்தால் அதை யாராலும் தீர்க்க முடியாது.

சரிபார்ப்பது யார்? நானே போனை எடுத்துப் பார்க்கலாமா?

நீங்கள் பார்க்காதீர்கள், கேள்வி கேட்டுக்கொண்டிருங்கள். மதிப்பெண் மேசையில் ஒருவருக்கு மட்டும் போன் அனுமதி கொடுங்கள். அவர் எந்தக் குழுவின் பள்ளிக்கும் கல்லூரிக்கும் சம்பந்தமில்லாதவராக இருக்கட்டும். ஒரே இணையப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் இரண்டு இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். குழு நீட்டும் போன் திரையை ஆதாரமாக ஏற்பதில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் போன்கள் பையிலிருந்து வெளியே வந்துவிடும்.

பார்வையாளர்களிலிருந்து யாராவது விடையைக் கத்திவிட்டால்?

கேள்வி செத்தது. அதே குழுவுக்கு வேறு கேள்வி. பாய்ச்சல் ஏற்கெனவே மூடியிருந்தால் அந்தச் சீட்டுகள் மட்டும் செல்லும், ஏனென்றால் அவர்கள் சத்தத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆறு மாற்றுக் கேள்விகளாவது கையில் இருக்க வேண்டும்.

கத்தாமல் இருக்க ஒரு வழி: மேடையில் யாருக்கும் தெரியாத கேள்வி பார்வையாளர்களுக்கு வரும், கை தூக்கினால் பரிசு என்று அறிவியுங்கள். ஒரு பேனாவோ சாக்லேட்டோ போதும். கத்தினால் பேனா போய்விடும் என்று தெரிந்தால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெரியவர்களைத்தான் அடக்க முடியாது.

கடைசியில் இரண்டு குழுக்கள் சமமாக நின்றால்?

முதல் மூன்று இடங்களுக்கு மட்டும் சமநிலையை உடைத்தால் போதும். ஒரே கேள்வி, இரு குழுக்களும் சீட்டில் எழுதும், ஒரே நேரத்தில் பிரிப்போம். ஒருவர் சரி, மற்றவர் தவறு என்று வரும்வரை தொடரும். நான்காம் இடத்துக்குச் சமம் என்றால் பகிர்ந்துகொள்ளட்டும்.

இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் எப்படிச் சொல்லி முடிப்பது?

எல்லாவற்றையும் விளக்க வேண்டியதில்லை. பாஸ், பாய்ச்சல், கழிவு, மஞ்சள் சீட்டு, ரத்து. இந்த ஐந்தையும் ஐந்தாறு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, மதிப்பெண் இல்லாத ஒரு பொய்க் கேள்வி கேளுங்கள். "இது பூஜ்யமாவது கேள்வி, கணக்கில் வராது" என்று சொல்லிக் கேட்க வேண்டும். ராமன் கேள்வியை நான் இதற்குத்தான் வைத்திருக்கிறேன். இரண்டு குழுக்களையாவது பாயச் சொல்லுங்கள், வேண்டுமென்றே தவறாக எழுதச் சொன்னாலும் சரி. உதவியாளர்கள் சீட்டு வாங்கி ஓடி வர எவ்வளவு நேரமாகிறது, மதிப்பெண் குறிப்பவர் கழிவைச் சரியாகப் போடுகிறாரா என்று உங்களுக்கும் தெரிந்துவிடும். மஞ்சள் சீட்டையும் ஒரு தடவை தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

பிறகு பலகையைத் துடைக்கச் சொல்லுங்கள். "அடுத்த கேள்வி யாருக்கு?" என்று மேடையைப் பார்த்துக் கேளுங்கள். ஆறு குழுக்களும் ஒரே குழுவைக் கை காட்டினால் விதி புரிந்துவிட்டது. மூன்று பக்கம் மூன்று கை போனால், பூஜ்யமாவது கேள்வி இன்னொன்று கேட்க வேண்டியதுதான்.